சைபர் புள்ளி இரண்டு, ஆறு முறை

அந்த அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டரைக்கு. வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். கையில் துணிப்பை, பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் செல்போன். வெளியே மழை இல்லை. செல்போனை எப்போதும் அப்படித்தான் கொண்டுபோவார் என்று பிறகு தெரிந்தது. கரும்பு வெட்டும் வேலைக்குப் போகிறவர், வயல் ஈரம் போனுக்கு ஆகாது.

ஸ்டுடியோ என்னுடையதல்ல. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் அந்தக் கடையை ஒரு பாய் நடத்துகிறார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நான் இருபத்தாறு வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தவன், முதலில் புகைப்படக்காரனாக, கடைசி ஒன்பது வருடம் நிருபர்கள் அனுப்புவதைத் திருத்தும் செய்தி மேசையில். வேலை முடிந்து ஊர் திரும்பியபின் மதியங்களில் பாயின் கடையில் உட்கார ஆரம்பித்தேன். பழைய படங்களில் கோடு அழிப்பது, மங்கியதைத் தெளிவாக்குவது போன்றவை என் வேலை. அவர் ஒரு கிராஃபிக்ஸ் கார்டை யாரிடமோ இரண்டாம் கையாக வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்ட பிறகு, படம் வரையும் ஏஐ மென்பொருளும் என் பொறுப்பில் வந்தது.

அதில் இரண்டு வேலை. ஒன்று, வெறும் வார்த்தைகளைக் கொடுத்துப் புதுப் படம் வரவழைப்பது. அதைக் கேட்டு வர கள்ளக்குறிச்சியில் ஆள் இல்லை. இன்னொன்று, இருக்கிற படத்தைக் கொடுத்து, கூடவே ஆங்கிலத்தில் ஒரு வாசகமும் கொடுத்து, அந்த வாசகத்தின் திசையில் படத்தைக் கொஞ்சம் நகர்த்துவது. எவ்வளவு நகர்த்தலாம் என்பதற்கு ஒரு எண் உண்டு. சைபரிலிருந்து ஒன்று வரை. மென்பொருள் முதலில் நம் படத்தின் மேல் புள்ளிப் புள்ளியாக இரைச்சலைத் தூவுகிறது. பிறகு வாசகத்தைப் படித்தபடி அந்த இரைச்சலைத் துடைத்துத் துடைத்துப் படத்தைத் திரும்ப எடுக்கிறது. எண் சிறிதாக இருந்தால் தூவுவதும் கம்மி, துடைப்பதும் கம்மி. முப்பது படியில் துடைக்கச் சொல்லி எண்ணைச் சைபர் புள்ளி இரண்டில் வைத்தால் கடைசி ஆறு படிதான் ஓடும். எண் ஒன்றானால் நம் படம் இரைச்சலில் காணாமல் போய்விடும், வாசகம் மட்டும் மிஞ்சும்.

மேசையில் வேலை பார்த்தவனுக்கு இது சீக்கிரம் புரியும். சைபர் புள்ளி இரண்டு என்பது நிருபர் அனுப்பிய செய்தியில் எழுத்துப் பிழை திருத்துவது. புள்ளி ஐந்து, பத்திகளைக் கலைத்து மாற்றி எழுதுவது. புள்ளி எட்டு, நிருபரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நாமே எழுதிவிடுவது.

அந்த அம்மா கவரைப் பிரித்து, போனை எடுத்து, படத்தைக் காட்டினார். மகளின் படம். மகள் கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் நர்ஸ். அங்கேயே குடியிருப்பு. ஏதோ விழாவுக்காகப் பட்டுச்சேலை கட்டியிருந்த அன்றைக்குக் கூட வேலை பார்க்கும் பெண் வராந்தாவில் நிற்கவைத்து எடுத்தது. தலைக்கு மேல் டியூப்லைட். கண்ணுக்குக் கீழே இரண்டு கரிய பள்ளம், மூக்குக்குக் கீழே மீசை போல ஒரு நிழல். பின்னால் சுவிட்ச் போர்டு. இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் பாதி ஏறியிருந்தது. இடது புருவத்தைக் குறுக்காக வெட்டி ஒரு தழும்பு. மாநிறத்தைவிட ஒரு படி கறுப்பு.

நைனார்பாளையத்தில் ஒரு வரன் என்றார். பையன் பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். மாதா கோயிலுக்கு வரும் ஒரு சொந்தக்காரப் பெண் மூலம் வந்த பேச்சு. பையனின் அக்கா படம் கேட்டிருக்கிறார். படம் பிடித்தால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வருவார்கள்.

பாய் கல்லாவிலிருந்து, பொண்ணையே அழைத்து வந்தால் இங்கேயே நல்ல லைட்டில் எடுத்துவிடலாமே என்று கேட்டார். மகளுக்கு லீவு கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் ஸ்டுடியோ என்றால் வரமாட்டாள் என்றார் அம்மா. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

போன வருடம் வேறு ஒரு வரன். அப்போது வேறு ஒரு ஊர் ஸ்டுடியோவில் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கேட்காமலே வெளுப்பாக்கி, தழும்பை அழித்து, கன்னத்தில் ரோஸ் பூசி. படத்தைப் பார்த்து எட்டுப் பேர் வேன் வைத்து வந்தார்கள். மகள் டீ கொண்டுவந்தபோது, பையனின் அம்மா போனைத் திறந்து படத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் போனைக் கொடுத்தார். போன் எட்டுப் பேரிடமும் போய் வந்தது. அவ்வளவு நேரமும் மகள் தட்டோடு நின்றிருக்கிறாள். போகும்போது அவர்கள் ஒன்றும் தப்பாகப் பேசவில்லை. டீ நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

“அதுக்கப்புறம் யாருன்னா பொண்ணு பாக்க வராங்கன்னாலே மலையவிட்டு எறங்க மாட்டேங்குது சார். இந்த வாட்டிதான் சரின்னிச்சு. இதுவும் அந்த மாரி ஆயிட்டா, இனிமே கேக்காதன்னு சொல்லிட்ச்சி.”

ஆகவே அவர் கேட்டது இதுதான். வெளுப்பு வேண்டாம். வேறு முகம் வேண்டாம். ஆனால் இந்தப் படத்தை அப்படியே அனுப்பினால் சீக்காளி மாதிரி இருக்கிறது. டியூப்லைட் செய்ததை எடுக்கணும்.

“ரொம்ப வாணாம் சார். லேசா. செஞ்ச மாரியே தெரியக் கூடாது.”

இருபத்தாறு வருடத்தில் என்னிடம் இவ்வளவு தெளிவாக வேலை சொன்ன ஆசிரியர் இரண்டு பேர்தான்.

சுவிட்ச் போர்டையும் எடுக்க முடியுமா என்று கேட்டார். மொத்தப் படத்தையும் ஓட்டி அதை எடுக்க வேண்டுமானால் எண்ணை மேலே ஏற்ற வேண்டும், ஏற்றினால் முகமும் சேர்ந்து மாறும் என்றேன். பத்திரிகையில் செய்கிற மாதிரி ஓரத்தை வெட்டிவிட்டேன். போர்டு போனது.

பிறகு வாசகம் அடித்தேன். இளம்பெண், பட்டுச்சேலை, ஜன்னல் வழியே வரும் மென்மையான வெளிச்சம், இயல்பான சரும நிறம். அழகான என்ற வார்த்தையை நான் போடுவதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அந்த மென்பொருளிடம் ஒரே ஒரு முகம்தான் உண்டு, யாரைக் கொடுத்தாலும் அந்தத் திசையில் இழுக்கும். முதலில் பரிசோதனைக்குப் புள்ளி நான்கு ஐந்தில் ஓட்டினேன். வெளிச்சம் நன்றாக வந்தது, பல் நேராகிவிட்டது. அம்மா பார்ப்பதற்குள் அழித்துவிட்டு, புள்ளி இரண்டுக்கு இறங்கினேன்.

கண்ணின் கீழே இருந்த கறுப்பு கொஞ்சம் இளகியது. மற்றதெல்லாம் அப்படியே. அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

“நல்லாக்கீது சார். இன்னும் லேசா.”

இங்கேதான் நான் தப்பு செய்தேன். எண்ணைக் கூட்டப் பயம், பல் போய்விடும். எனவே புள்ளி இரண்டிலேயே வைத்து, வந்த படத்தையே எடுத்து மறுபடி உள்ளே கொடுத்தேன். சின்னச் சின்ன அடியாகப் போனால் தப்பாது என்று நினைத்தேன். இரண்டாவது வந்தது. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். கொஞ்சம் நல்லதாக இருந்தது என்று மட்டும் தெரிந்தது. அம்மா இன்னும் லேசா என்றார். இரண்டாவதை உள்ளே கொடுத்தேன், மூன்றாவது வந்தது. மூன்றாவதைக் கொடுத்து நான்காவது.

பாய் எழுந்து வந்து பின்னால் நின்று பார்த்தார். அவர் சர்க்கரை நோயாளி, உதாரணங்களும் அங்கிருந்தே வரும்.

“சக்கர கம்மி, சக்கர கம்மின்னு சொல்லி அஞ்சு டீ குடிச்ச கணக்கா இருக்குதுண்ணா.”

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு ஐந்தாவதை ஓட்டினேன். ஆறாவதில் அம்மா போதும் என்றார். என் மகள் இப்படித்தான் இருப்பாள், நல்லாத் தூங்கி எழுந்த அன்றைக்கு என்றார். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் அதைச் சரிபார்க்கவில்லை. படத்தை அவர் போனுக்கு அனுப்பினேன். அங்கேயே உட்கார்ந்து அதை மகளுக்கு அனுப்பினார். பையனின் அக்காவுக்கும் அனுப்பினார். மகளுக்கு ஒரு டிக் மட்டும் விழுந்தது. மலையில் அவள் இருக்குமிடத்தில் சிக்னல் இல்லை, வளைவு ரோட்டுக்கு நடந்து வந்தால்தான் கிடைக்கும் என்றார். போனைத் துடைத்து, கவருக்குள் போட்டு, கவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கடை போன் அடித்தது. பாய் எடுத்து என்னிடம் நீட்டினார். காற்று இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண் குரல், தான் யாரென்று சொன்னது. கோபம் இல்லை. ஊசி போடுமுன் பேசுகிற மாதிரி நிதானமாக இருந்தது.

“சார், நீங்க செஞ்ச போட்டோ வந்துச்சி. அம்மாவுக்குப் புடிச்சிருக்கு. எனக்கும் புடிச்சிருக்கு. ஆனா அது யாரு சார்?”

நான், ரொம்பக் கம்மியாகத்தான் செய்தேன், புள்ளி இரண்டுதான் என்று தொடங்கினேன். நர்ஸிடம் அளவைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

“எத்தினி வாட்டி சார்?”

ஆறு என்றேன்.

“கம்மி டோஸ்தான். ஆறு வாட்டி குடுத்தா?”

 பிறகு அவள், பையனின் அக்காவுக்கும் அந்தப் படம் போய்விட்டதாம், பதில் வந்துவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம் என்று சொன்னாள். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருவார்கள். தட்டு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. எனக்கு அதுதான் நினைவில் வந்தது.

போனை வைத்துவிட்டு, முன்தினமே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அசல் படத்தை இடது பக்கமும் ஆறாவதை வலது பக்கமும் திறந்து வைத்தேன். தழும்பு இல்லை, புருவம் ஒரே கோடாக ஓடியது. ஏறியிருந்த பல் வரிசைக்குள் இறங்கியிருந்தது. தாடை ஒரு விரல் குறுகியிருந்தது. மூக்குத்தி கொஞ்சம் பெரிதாகி, கல் வைத்ததாக மாறியிருந்தது. நிறம் இரண்டு படி வெளுத்திருந்தது; அதை வாசகத்தில் நான் கேட்கவேயில்லை. ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். எந்த இரண்டு படத்துக்கு நடுவில் அவள் காணாமல் போனாள் என்று கைவைத்துச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் மென்பொருள் கொஞ்சம் தூவி, தான் எழுதியதையே அசலாக எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த முகத்தின் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நான் ஒவ்வொரு தடவையும் அதற்கு முந்தையதோடு மட்டும் ஒப்பிட்டிருக்கிறேன்.

செய்தி மேசையில் இதற்கு ஒரு விதி இருந்தது. எத்தனை பேர் கைமாறி வந்தாலும், கடைசித் திருத்தத்தை நிருபர் அனுப்பிய முதல் பிரதியோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்த விதியைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

சனிக்கிழமை அவள் மலையிலிருந்து இறங்கி வந்தாள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அதை ஞாயிற்றுக்கிழமை லீவோடு சேர்கிற மாதிரி மாற்றி வாங்கியிருந்தாள். கூட அம்மா. இருவரும் பஸ்ஸில் பேசிக்கொள்ளவில்லை என்பது உள்ளே நுழைந்த விதத்தில் தெரிந்தது. அம்மா பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார். மகள் என் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள். நேரில் அந்தத் தழும்பு படத்தில் இருந்ததைவிட நீளம்.

தப்பு என்னுடையது, அம்மா லேசா என்றுதான் சொன்னார்கள் என்று முதலில் சொன்னேன். 

மறுபடி அசலிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை மென்பொருளிடம் போகுமுன் கையால் செய்தேன். டார்க் ரூமில் பிரிண்ட் போடும்போது நிழல் விழுந்த இடத்துக்கு மட்டும் வெளிச்சத்தைக் கையால் மறைத்து வெளுப்பாக்குவோம். அதே வேலையைச் சாதாரண எடிட்டரில், கண்ணுக்குக் கீழேயும் மூக்குக்குக் கீழேயும். பூசியது தெரிகிற மாதிரித் திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. பிறகு வாசகத்தை மாற்றினேன். எது மாற வேண்டும் என்பதைவிட எது இருக்கிறது என்பதை எழுதினேன். அடர்ந்த பழுப்பு நிறம், இடது புருவத்தைக் கடக்கும் தழும்பு, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய முன்பல், சின்ன மூக்குத்தி, ஜன்னல் வெளிச்சம். அவள் எட்டிப் பார்த்து, ஆங்கிலத்தில் படித்து, “கேஸ் ஷீட் கணக்கா இருக்குது” என்றாள்.

புள்ளி மூன்றில் ஒன்று, புள்ளி இரண்டு ஐந்தில் ஒன்று, புள்ளி இரண்டில் ஒன்று. மூன்றும் அசலிலிருந்தே, ஒன்றிலிருந்து ஒன்று அல்ல. இடது பக்கம் அசல் திறந்தபடி இருந்தது. புள்ளி மூன்றில் தழும்பு இருந்தது, ஆனால் இடம் தள்ளியிருந்தது. புள்ளி இரண்டு ஐந்தில் இடம் சரி, ஆனால் மங்கல். புள்ளி இரண்டில் நான் கையால் பூசிய திட்டுகள் மட்டும் தோலோடு கலந்து கரைந்திருந்தன. மற்றது எதுவும் அசையவில்லை. மீசை நிழல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதையும் எடுக்கவா என்று கேட்டேன்.

“இருக்கட்டும் சார். மேல லைட்டு இருந்துச்சில்ல.”

அம்மா அப்போதுதான் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வியாழக்கிழமை படம்தான் நன்றாக இருந்தது என்று மெல்லச் சொன்னார். பிறகு வேகமாக, நல்லாருக்கறதச் சொல்லல, அவங்க வரணுமேன்னுதான் என்றார்.

“வந்து பாத்துட்டுப் போறதுக்குப் பதிலா, போட்டோவப் பாத்துட்டு வராம இருந்தா அவங்களுக்கு வேன் வாடகையாவது மிஞ்சும்மா.”

பாய் கல்லாவில் குனிந்து எதையோ தேடினார். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது, ஆனால் வாய் சிரித்தது. நீ போன வருடம் தட்டோட நின்னியே, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை, அதான் இவ்வளவும் பண்ணினேன் என்றார். தெரியும்மா என்று மகள் சொன்னாள். அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கி, கவரைக் கழற்றினாள். பையனின் அக்காவுக்குப் புதுப் படத்தை அவளே அனுப்பினாள். கீழே அடித்த செய்தியை எனக்குக் காட்டினாள், பிழை பார்க்கச் சொல்லி. முதலில் வந்த போட்டோவில் கம்ப்யூட்டர் வேலை ஜாஸ்தி ஆகிவிட்டது, இதுதான் நான், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று இருந்தது. திருத்த ஒன்றுமில்லை என்றேன்.

இரண்டு டிக்கும் உடனே நீலமானது. பதில் வரவில்லை. அம்மா போனைப் பார்த்தபடி ஒரு டீ குடித்து முடித்தார். வரவில்லை. அவர்கள் கிளம்பும்போதும் வரவில்லை. கடைவாசலில் இருவரும் எந்தப் பஸ் என்று பேசிக்கொண்டார்கள், வரும்போது பேசாமல் வந்தவர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது எனக்குப் பாய் மூலம், பாய்க்கு அந்த அம்மா மூலம். சனிக்கிழமை இரவு வரை பதில் இல்லை. காலைப் பூசை முடிந்து வெளியே வரும்போது, கிளம்பிவிட்டோம் என்று ஒரு வரி வந்திருக்கிறது. நான்கு பேர் வந்தார்கள். வேன் இல்லை, ஒரு ஆட்டோவும் ஒரு பைக்கும். பையனின் அக்கா போனைக் கையிலேயே வைத்திருந்தார். மகள் டீயோடு வந்தாள். அந்த அக்கா மகளைப் பார்த்தார். போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். பிறகு டீயை எடுத்துக்கொண்டு, புருவத்தில் என்னம்மா என்று நேராகவே கேட்டார். ஏழு வயதில் கிணற்றுப் படியில் விழுந்தது என்று மகள் சொல்லியிருக்கிறாள். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

அன்றிலிருந்து எந்த வேலை செய்தாலும் திரையின் இடது பாதியில் அசல் திறந்திருக்கும். யார் இன்னும் லேசா என்று கேட்டாலும் அங்கிருந்துதான் மறுபடி தொடங்குவேன். வந்ததை உள்ளே கொடுப்பதில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்கக் கொடுக்கும் காகிதங்களில் ஒட்ட வேண்டும் என்று பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க அவளும் நைனார்பாளையத்துப் பையனும் சேர்ந்து வந்தார்கள். பையன் உயரம், கூச்சம், கன்னமெல்லாம் பழைய பரு வடு. ஆய்வகத்தில் ஏதோ தெறித்துச் சட்டைப் பையில் மஞ்சள் கறை. பாய் படம் எடுத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பினார். பையன் என் பின்னால் வந்து நின்று, தன் முகத்தைத் திரையில் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டான்.

“சார், அந்தப் பரு மட்டும்… லேசா?”

அவள் பெஞ்சிலிருந்து எழவில்லை. சேலை மடிப்பைச் சரிசெய்தபடி சொன்னாள்.

“வாணாம் சார். சைபர்லயே வைங்க.”